நகராத சுண்டல் வண்டிகள்

குன்றத்தூரில் இருப்பவர்களுக்குக் கடற்கரை என்பது பல்லாவரம் போய், ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம் வரை ஓடி, அங்கிருந்து திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகரை அடைவது. அவ்வளவு தூரம் போகிறவன் அலையைப் பார்க்க வேண்டும். எனக்கோ எலியட்ஸ் பீச்சில் கண் போவது வியாபாரிகள் நிற்கும் இடத்தின் மேல்தான். மணல் நீளமாகக் கிடக்கிறது, மக்கள் அங்கங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒரே சுண்டலை ஒரே விலைக்கு விற்கும் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

அதில் ஒரு வண்டிக்கார அம்மாவிடம் கேட்டேன். “ஏங்க்கா, பக்கத்துலயே இன்னொரு வண்டி நிக்குதே. கொஞ்சம் தள்ளிப் போனா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?”

பொட்டலத்துக்குக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “நா மட்டும் தள்ளிப் போனா நடுவுல இருக்கிற ஜனமெல்லாம் அவர்ட்ட போயிடும் தம்பி. அவரு தள்ளிப் போனா எங்கிட்ட வந்துடும். அப்புறம் யாரு போவா?”

ஆட்டக் கோட்பாட்டில் ‘நாஷ் சமநிலை’ என்று சொல்லப்படுவது முழுக்க முழுக்க இதுதான். மற்றவர் இருக்கும் இடத்திலேயே இருக்க, நான் ஒருவன் மட்டும் மாறினால் எனக்கு ஏதாவது கூடுமா? இந்தக் கேள்விக்கு ஆடுகிற ஒவ்வொருவரும் ‘கூடாது’ என்று சொன்னால் அந்த நிலை தானாக நிற்கும். ஜான் நாஷ் இதை 1950இல் மிகச் சிறிய கட்டுரை ஒன்றில் எழுதினார், 1994இல் வேறு இருவரோடு சேர்த்து அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. கடை எங்கே போடுவது என்ற கணக்கு அதற்கும் மூத்தது. ஹெரால்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கர் 1929இல் ஒரு நீளமான கடைத்தெருவை வைத்து அதைப் போட்டார். கடற்கரையும் வண்டியும் பிறகு பாடம் நடத்தியவர்கள் சேர்த்தவை. நமக்குக் கடற்கரையே வசதி.

1,200 மீட்டர் நீளமுள்ள மணல், அதில் மீட்டருக்கு ஓர் ஆள் வீதம் சீராக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோரும் ஒரு பொட்டலம் வாங்குவார்கள், அருகில் இருக்கும் வண்டிக்கே போவார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்கா 300ஆவது மீட்டரில் நிற்கிறார், அண்ணன் 900இல். இருவருக்கும் நடுப்புள்ளி 600. ஆளுக்கு 600 பொட்டலம். வாங்குபவர்களில் யாரும் 300 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டாம், சராசரி நடை 150 மீட்டர். பார்க்க அழகான ஏற்பாடு. ஆனால் நிற்காது. அக்கா வண்டியை 400க்குத் தள்ளுகிறார். இப்போது நடுப்புள்ளி 650. அவருக்கு 650, அண்ணனுக்கு 550. இடது கோடியில் இருப்பவர்களை அவர் இழந்தாரா என்றால் இல்லை. அவர்களுக்கு நடை கூடியது, ஆனாலும் அருகில் இருக்கும் வண்டி அக்காவுடையதுதான். முதுகுக்குப் பின்னால் இருக்கிற கூட்டம் எங்கும் போகாது, முகத்துக்கு முன்னால் இருக்கிற கூட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். இந்த ஆட்டத்தை நகர்த்துவது அந்த ஒன்றுதான்.

அண்ணனும் அதையே உணர்ந்து 800க்கு வருகிறார், அக்கா 500க்கு, அவர் 700க்கு. எங்கே நிற்கும்? இருவரும் 600இல் ஒட்டி நிற்கும்போது. அங்கே ஆளுக்கு 600 பொட்டலம். அக்கா மட்டும் 500க்குத் திரும்பினால் நடுப்புள்ளி 550 ஆகிறது, 50 பொட்டலம் போய்விடும். வலது பக்கம் போனாலும் அதே நஷ்டம். அண்ணனுக்கும் அப்படியே. வேறு எந்த இடத்தில் இருவரையும் நிறுத்தினாலும் ஒருவருக்காவது நகர ஆசை வரும். இருவரும் 400இல் ஒட்டி நின்றால், வலப்பக்கம் ஓரடி எடுத்து வைப்பவருக்கு ஏறக்குறைய 800 கிடைக்கிறது. ஆகவே நடுவைத் தவிர வேறு நிலையான இடம் இல்லை.

இதில் என் மனத்தை உறுத்துவது இன்னொரு எண். தொடக்கத்தில் ஆளுக்கு 600 பொட்டலம், முடிவிலும் ஆளுக்கு 600. வியாபாரிகளுக்கு ஒரு பைசா கூடவில்லை, குறையவும் இல்லை. வாங்குபவர்களின் சராசரி நடை மட்டும் 150இலிருந்து 300 மீட்டராக இரட்டித்துவிட்டது. கோடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு 600 மீட்டர். ஒருவருக்கும் லாபமில்லாத இடத்தில் ஆட்டம் போய் நிற்கிறது, நின்ற பின் யாராலும் தனியாக அதை மாற்ற முடியாது. நிலையானது என்றால் நல்லது, நியாயமானது, எல்லோரும் ஒப்புக்கொண்டது என்றெல்லாம் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் ‘நான் மட்டும் மாறினால் எனக்குக் கூடுமா’ என்ற கேள்வி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கப்படுவது. கூட்டாகக் கேட்டால் விடை வேறாக இருக்கலாம். கூட்டாகக் கேட்க ஆள் இல்லை, பாட்டியைக் கேட்கவும் ஆள் இல்லை.

ஆனால் பாட்டிக்கும் ஒரு பலம் இருக்கிறது. அவர் நடக்காமல் இருந்துவிடலாம். 250 மீட்டருக்கு மேல் சுண்டலுக்காக யாரும் எழுந்து போக மாட்டார்கள் என்று மாற்றிப் பாருங்கள். நடுவில் ஒட்டி நிற்கும் இருவருக்கும் சேர்த்தே 350ஆவது மீட்டரிலிருந்து 850 வரை உள்ள 500 பேர்தான் வருவார்கள். ஆளுக்கு 250. இப்போது அக்கா மட்டும் 300க்குப் போனால்? 50ஆவது மீட்டரிலிருந்து 450 வரை அவர் வசம், 400 பொட்டலம். தனியாக நகர்ந்தே லாபம். நடு உடைந்துவிட்டது. அண்ணனும் 900க்குப் போனால் ஆளுக்கு 500. எங்கே நின்றாலும் ஒரு வண்டிக்கு இரு பக்கமும் 250 மீட்டர்தானே, 500க்கு மேல் எவருக்கும் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே இருவரும் அசைய மாட்டார்கள். முதல் கணக்கில் சிதறிப்போன அதே 300, 900 இப்போது கல்லாக நிற்கிறது. மணல் மாறவில்லை, வண்டிகள் மாறவில்லை, வாங்குபவரின் கால் மட்டும் சோர்ந்தது.

இதனால்தான் கடை ஒதுக்கும் வேலையில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடைபாதை வியாபாரிகளுக்கான 2014ஆம் ஆண்டுச் சட்டம் விற்பனை இடங்களை வகுக்கச் சொல்கிறது. மெரினாவில் உயர் நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து மாநகராட்சி 900 வண்டிகளுக்குத் திட்டம் போட்டு, 2021இல் குலுக்கல் நடத்தியது. குலுக்கல் யார் எங்கே என்பதைத் தீர்க்கும். விழுந்த இடத்தில் அவர் நிற்பாரா என்பதை மக்கள் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்பதுதான் தீர்க்கும். நடக்கச் சலிக்கும் கூட்டம் என்றால் பிரித்து வைத்த வண்டிகள் பிரிந்தே இருக்கும். எவ்வளவு தூரமும் நடக்கிற கூட்டம் என்றால் தினமும் ஒருவர் போய் விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விரட்டுபவர் திரும்பியதும் வண்டி நடுவுக்கு உருளும்.

நிஜமான மணலில் கூட்டம் சீராக இருப்பதில்லை. எலியட்ஸில் ஷ்மிட் நினைவு மண்டபத்தைச் சுற்றி நெருக்கம், தள்ளிப் போகப் போகக் குறைவு. அப்போது வண்டிகள் மணலின் நடுவை நாடாது, கூட்டத்தின் நடுவை நாடும். இடப்பக்கம் பாதிப் பேர், வலப்பக்கம் பாதிப் பேர் இருக்கும் புள்ளி அது. அங்கிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தாலும், பக்கத்து வண்டிக்காரரிடம் பாதிக்கும் அதிகமானவர்களை விட்டுக்கொடுத்ததாகும். வெறும் மணலை அளந்துவிட்டு ‘இவர்கள் ஏன் ஓரமாக நிற்கிறார்கள்’ என்று கேட்கக் கூடாது, தலைகளை எண்ண வேண்டும்.

நெருங்கி நிற்கும் கடைகளையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்துவிடவும் கூடாது. எங்கள் குன்றத்தூர் முருகன் கோயில் மலையடிவாரத்தில் பூவும் தேங்காயும் விற்பவர்கள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே மக்கள் பரவி உட்கார்ந்திருக்கவில்லை, படிக்கட்டை நோக்கி ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஓடுகிற கூட்டத்தில் அருகில் இருப்பது முக்கியமில்லை, முதலில் இருப்பது முக்கியம். அதனால்தான் படிக்கு வெகு முன்னாலேயே “செருப்பை இங்கயே விட்டுட்டுப் போங்கம்மா, அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கங்க” என்று குரல் வருகிறது. இழுப்பு நடுவை நோக்கி இல்லை, வருகிற பாதையில் முன்னோக்கி. எந்த ஆட்டம் என்று தெரிய ஒன்றைப் பார்த்தால் போதும்: வாங்குபவர் கடையைத் தேடி எழுந்து வருகிறாரா, கடையைக் கடந்து போகிறாரா.

ஹோட்டலிங் விட்ட ஓட்டை ஒன்றும் உண்டு. விலை கட்டுண்டு இருக்கும்வரைதான் நடு நிலைக்கும். ஒட்டி நிற்கும் இருவரில் ஒருவர் ஓரிரு ரூபாய் குறைத்தால் மொத்தக் கூட்டமும் அவரிடம் சாயும், மற்றவரும் குறைப்பார், அடக்க விலைவரை இறங்கும். இடத்தோடு விலையையும் வியாபாரிகளே முடிவு செய்தால் நெருங்கிப் போகும் முடிவு தாங்காது என்று 1979இல் மூன்று பொருளியலாளர்கள் காட்டினார்கள். அப்போது விலகி நிற்பதே பாதுகாப்பு. சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில் மிளகாய் பஜ்ஜி வண்டியும் சோளம் சுடுபவரும் நிம்மதியாக நிற்பதை இப்படிப் பார்க்கலாம். இடத்தில் விலகாமல் சரக்கில் விலகியிருக்கிறார்கள்.

மூன்றாவது சுண்டல் வண்டி வந்தால் என்ன ஆகும்? விலை ஒன்றே, எல்லோரும் எவ்வளவு தூரமும் நடப்பார்கள் என்ற முதல் கணக்குக்கே திரும்புவோம். மூவரும் நடுவில் நின்றால் ஆளுக்கு 400. ஒருவர் ஓரடி விலகினால் ஏறக்குறைய 600. ஆகவே விலகுவார். இரு ஓரத்தவர்களும் நடுவில் இருப்பவரை நெருக்குவார்கள், நெருக்கப்பட்டவர் வெளியே தாவுவார், மீண்டும் ஒருவர் நடுவில் சிக்குவார். மூவரும் அவரவர் இடத்தில் நிலைத்து நிற்க வழியே கிடையாது. மூன்று வண்டிகள் சாயங்காலம் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருந்தால் அவர்களுக்குப் புத்தி போதவில்லை என்று சொல்லிவிட வேண்டாம்.

நான்காவது வண்டி வந்ததும் அமைதி திரும்புகிறது. இருவர் 300இல், இருவர் 900இல். ஆளுக்கு 300 பொட்டலம். ஒருவர் ஜோடியைவிட்டு நடுவே 600க்குப் போனால் 450இலிருந்து 750 வரை, அதே 300. வெளிப்பக்கம் ஓரடி வைத்தால் 300க்கும் சற்றுக் குறைவு. எவருக்கும் தனியாக நகர்ந்து ஆதாயமில்லை. யாரும் ஒதுக்காமல், யாரும் விரட்டாமல், பாட்டியின் பக்கத்தில் இரண்டு வண்டிகள் வந்து நிற்கின்றன, மணல் முழுக்கச் சராசரி நடை மறுபடி 150 மீட்டர்.