அம்மம்மாவின் பொட்டு எந்த நிறத்தில்?

போன கோடையில் அம்மம்மாவுக்கு எண்பது வயது முடிந்தது. மச்சான் மச்சாள்மார் எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி ரீசேர்ட் போடுவது என்று முடிவெடுத்தோம். படமும் தயாராக இருந்தது. 1979இல், கலியாணமான புதிதில், யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கலர்ப் படம். சிவப்புச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

அச்சடிப்பது ஸ்காபரோவில் எங்கள் வீட்டு பேஸ்மன்டில், கையால். ஸ்கிரீன் அச்சில் ஒரு ஸ்கிரீன் ஒரு மையைத்தான் விடும். போட்டோவிலோ ஆயிரக்கணக்கான நிறங்கள். அவற்றை இரண்டு மூன்று தட்டையான நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு படலம் செய்ய வேண்டும். கிரீம் நிற ரீசேர்ட் வாங்கினால் துணியே வெளிச்சமான இடங்களுக்கு நிறமாகிவிடும். அப்போது மூன்று ஸ்கிரீன் போதும்: தோலுக்கு மண்ணிறம், சேலைக்குச் சிவப்பு, தலைமயிருக்கும் கண்ணுக்கும் கடும் கபிலம்.

படத்தின் அகலம் மூன்றரை அங்குலம்தான். செடர்பிரே நூலகத்துக்குக் கொண்டுபோய் 900 dpi இல் ஸ்கேன் செய்தேன். 3150 புள்ளி அகலம் கிடைத்தது. ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட்டால் பத்தரை அங்குலம், நெஞ்சுக்கு அளவான படம்.

முதலில் நான் சோம்பேறி வழியில் போனேன். GIMP இல் `Image > Mode > Indexed` போய், நான்கு நிறம் போதும் என்று கொடுத்தேன். வந்த முகத்தைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா ஒரு கணம்தான் பார்த்தா.

"எங்கட அம்மாட பொட்டு எங்கயடா?"

பொட்டைக் காணவில்லை. நெற்றி வெறுமையாக இருந்தது. தாத்தா இறந்த பிறகு அம்மம்மா பொட்டு வைப்பதில்லை. எண்பதாவது பிறந்தநாளுக்கு அந்தப் பொட்டையும் அழித்து இருபது பேர் போட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும்?

பொட்டு காணாமல் போனதற்கு இரண்டு காரணம். படத்தில் எந்த நிறம் நிறைய இடத்தைப் பிடிக்கிறதோ அதற்குத்தான் மென்பொருள் முதலிடம் கொடுக்கும். பொட்டு சில ஆயிரம் புள்ளிதான். பக்கத்தில் உள்ள தோல் அதை விழுங்கிவிட்டது. இரண்டாவது, அந்தக் காலத்துக் கலர்ப் படங்களில் சயன் சாயம் முதலில் மங்கிப்போகும். அதனால் படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். எங்கள் படத்தில் தோலும் சேலையும் பொட்டும் எல்லாமே ஒருவிதச் செம்மஞ்சள். நிறத்தை வைத்துப் பிரிக்க அதில் நிறமே மிச்சமில்லை.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு வெளிச்சத்தை வைத்துப் பிரித்தேன். சயன் மங்கினால் கெட்டுப்போவது சிவப்பு சானல். பச்சை சானல் பெரும்பாலும் நல்லாகவே இருக்கும். `Colors > Components > Extract Component` இல் பச்சையை மட்டும் எடுத்தபோது தெளிவான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வந்தது. அதில் `Colors > Threshold` போட்டால், நீங்கள் கொடுக்கும் எண்ணைவிட இருண்டதெல்லாம் கறுப்பாகும், மற்றது வெள்ளையாகும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை.

இந்தப் படத்துக்கு 90 கொடுத்தேன்: மயிர், கண், மூக்கின் கீழ் நிழல். அதுதான் கபிலப் படலம். இன்னொரு பிரதியில் 165: தோலின் நிழல்கள் எல்லாம் வந்தன. அது மண்ணிறப் படலம். இந்த எண்கள் உங்கள் படத்துக்குப் பொருந்தாது. கண்ணைப் பார்த்து நகர்த்துங்கள். கண்ணின் வெள்ளை அடைபட்டால் எண் கூடிவிட்டது. மூக்கு மறைந்தால் குறைந்துவிட்டது.

இந்த வழியில் ஒரு வசதி உண்டு. 165இன் கீழ் உள்ளதில் 90இன் கீழ் உள்ளதும் அடங்கும். அதனால் மண்ணிறம் கபிலத்தின் அடியிலும் போகிறது. கடைசியில் கபிலத்தை அடிக்கும்போது ஸ்கிரீன் கொஞ்சம் விலகினாலும் இடையில் துணி தெரியாது.

இந்த முறை பொட்டு வந்தது, ஆனால் கறுப்பாக! பச்சை சானலில் சிவப்பு இருட்டாகத்தானே தெரியும். சேலையும் ஒரே கறுப்புத் திட்டு. அம்மா சிரித்தா. "உது கலியாணத்துக்கு முந்தி வைக்கிற பொட்டு. தாத்தா பார்த்தால் கோவிப்பார்."

ஆகவே சிவப்பை எந்த மென்பொருளிடமும் கேட்காமல் நானே வரைந்தேன். ஸ்கேனைப் பின்னால் வைத்து, புதிய படலத்தில் சேலையையும் பொட்டையும் சுற்றி வரைந்து நிரப்பினேன். அந்த இடங்களைக் கபிலப் படலத்திலிருந்து அழித்தேன். சேலையின் மடிப்புகளுக்கு மட்டும் threshold ஐ 45க்குக் குறைத்து, அந்தக் கோடுகளைக் கபிலத்தில் திரும்பச் சேர்த்தேன்.

இன்னொன்று மிச்சம். நீரில் கரையும் மை கொஞ்சம் ஒளி ஊடுருவும். மண்ணிறத்தின் மேல் சிவப்பை அடித்தால் சேற்று நிறம் வரும். எனவே மண்ணிறப் படலத்தில் பொட்டுக்கு ஒரு ஓட்டை விட வேண்டும். நான் பொட்டின் அளவிலேயே, 5 மில்லிமீற்றரில், ஓட்டை விட்டேன். மூன்று படலத்தையும் முழுக் கறுப்பில் பிலிமில் எடுத்தோம். கறுப்பு மங்கலாக இருந்தால் அதனூடாக வெளிச்சம் போய், கழுவிப்போக வேண்டிய இமல்ஷனும் இறுகிவிடும். பிறகு ஒரு பழைய துணியில் பரீட்சை அடி அடித்தோம்.

பொட்டின் இடது பக்கம் மெல்லிய பிறை போல் துணி தெரிந்தது. சேலையின் ஓரங்களிலும் இடது பக்கம்தான். எல்லா இடத்திலும் ஒரே பக்கம் இடைவெளி என்றால் ஸ்கிரீன் நகர்ந்திருக்கிறது. அதைச் சரியாக வைத்தால் போதும். சுற்றிவரத் தெரிந்தால் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை என்று அர்த்தம். எங்களுடையது நகர்ந்ததுதான். ஆனால் கையால் இருபது ரீசேர்ட் அடிக்கும்போது அரை மில்லிமீற்றர் நகராமல் இருக்குமா? ஆகவே அந்த இடத்தைக் கொடுத்தே வைத்தேன். சிவப்புப் படலத்தைத் தெரிவு செய்து, `Select > Shrink` இல் 6 புள்ளி குறைத்து, அந்த அளவை மட்டும் மண்ணிறத்திலிருந்து வெட்டினேன். 300 dpi இல் 6 புள்ளி என்பது அரை மில்லிமீற்றர். பொட்டு 5, ஓட்டை 4. ஓரத்தில் இரண்டு மையும் சேரும் இடம் மெல்லிய கரும் வளையமாகத் தெரிந்தது. குங்குமம் வைத்த மாதிரியே இருந்தது என்று மச்சாள் சொன்னாள்.

புதிதாக மண்ணிற ஸ்கிரீன் செய்து, முதலில் மண்ணிறம், பிறகு சிவப்பு, கடைசியில் கபிலம் என்று அடித்தோம். ஆனால் இருபதையும் அடிக்கும் முன், முதல் ரீசேர்ட்டை அம்மம்மாவிடம் கொண்டுபோனேன். பொட்டு வேண்டாம் என்றால் சிவப்புப் படலத்தில் அதை அழித்து, மண்ணிறப் படலத்தில் ஓட்டையை நிரப்பினால் போதும். அதை அவவிடம் கேட்காமல் நாங்கள் முடிவெடுக்கக் கூடாது என்று பட்டது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. விரலால் அந்தச் சிவப்பைத் தடவினா.

"இருக்கட்டும் பிள்ளை. அண்டைக்கு நான் வைச்சதுதானே."

பிறகு சேலையைக் காட்டினா. "ஆனா இது சிவப்பில்லை. கத்தரிப்பூ நிறம்."

இருபது ரீசேர்ட்டும் சிவப்பில்தான் அடித்தோம். கத்தரிப்பூ நிறத்துக்கு நாலாவது ஸ்கிரீன் வேண்டும். அம்மம்மாவின் தொண்ணூறுக்கு அதைச் செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.