கொரியச் சகாவுக்கு ஒரு வாழ்த்து

பிறந்தநாள் வாழ்த்து எழுதுவதற்கு மூன்று சொற்கள் போதும் என்றே நாம் எண்ணியிருந்தோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்களுக்கு அவ்வெண்ணம் இயல்பு. மன்னனாயினும் மாட்டுக்காரனாயினும் அம்மொழியில் முன்னிலைக்கு ஒரே சொல்தான், வாழ்த்தும் ஒன்றேதான்.

நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. மாதம் இருமுறை கணக்குப் புத்தகங்களுடன் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்க் காரியாலயத்திற்குச் செல்வோம். அங்கே நம் கணக்கைச் சரிபார்ப்பவர் ஒரு கொரிய அம்மையார். வயதில் நமக்கு இரண்டு மூன்று ஆண்டு இளையவர். பதவியிலோ நமக்கு மேலானவர். அவருடைய பிறந்தநாள் நெருங்கியது. நம்முடன் வேலை செய்யும் நால்வர், “கொரிய மொழியிலேயே ஒரு வரி எழுதும், கிராணியாரே! நீர்தான் படித்தவர்” என்று அப்பொறுப்பை நம் தலையில் சுமத்திவிட்டனர்.

தேக்கா சந்தைக்கு அருகில், சிராங்கூன் சாலைக் கடையொன்றில் வாழ்த்து அட்டை வாங்கினோம். வாசகம் நம்மிடம் ஆயத்தமாக இருந்தது. தோட்டத்து வீடுகளில் பெண்டிர் விரும்பிப் பார்க்கும் கொரியத் தொடர்களில் கேட்டதுதான்: “செங்இல் சுக்காஹே.” ‘செங்இல்’ என்றால் பிறந்தநாள், ‘சுக்கா’ என்றால் வாழ்த்து, ‘ஹே’ என்றால் செய்தல். அட்டையில் எழுதுமுன் யாரிடமேனும் காட்டுவோம் என்று தோன்றியது நம் நல்வினையே. ரயிலேறி, ஊட்ரம் பார்க்கில் மாறி, தஞ்சோங் பகார் சேர்ந்தோம். கொரிய உணவகங்கள் நெருங்கியிருக்கும் இடம் அது. அங்கே ஓர் உணவகத்தில் கல்லாவில் அமர்ந்திருந்த மூதாட்டியிடம் தாளை நீட்டினோம்.

அவர் படித்தார், நம்மை மேலுங்கீழும் பார்த்தார். “யாருக்கு? தம்பிக்கா?” என்று ஆங்கிலத்தில் வினவினார். “மேலதிகாரிக்கு” என்றோம். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அவர் விளக்கியதை நம் போக்கிற் சொல்வோம். ‘சுக்காஹே’ என்பது தோழனுக்கும் சிறுவனுக்கும் சொல்வது. இறுதியில் ஒரு ‘யோ’ சேர்த்து ‘சுக்காஹேயோ’ என்றால் பழகிய சகாவுக்குப் பொருந்தும். நம் பேச்சிலே ‘வாங்க’ என்பது போன்ற மரியாதை அது. ‘சுக்காஹம்னிதா’ என்பது சபைக்குரிய வடிவம். (இதன் எழுத்தில் ‘ம்’ இல்லை, ‘ப்’ தான் உண்டு, பின்னே ‘ன’கரம் வருவதால் மெல்லினமாக மாறி ஒலிக்கிறது. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆகும் நமக்கு இது புதுமையன்று.) குழந்தைக்குப் பாடும் பிறந்தநாட் பாட்டிலுங்கூட இந்தச் சபை வடிவமே வருமாதலின், பாட்டைக் கேட்டு மரியாதையை அளக்கலாகாது.

மூன்று படியையும் கேட்ட நாம், இன்னும் பணிவு காட்டுவோம் என்று துணிந்து, கையேடொன்றில் கண்ட ‘செங்ஷின்’ என்ற சொல்லை ‘செங்இல்’ இருந்த இடத்தில் வைத்தோம். அதுவும் பிறந்தநாள்தான், ஆனால் உயர்வுச் சொல். மூதாட்டி இம்முறை சிரிக்கவில்லை. தம் மார்பைத் தொட்டு, “இது எனக்கு. பாட்டிக்கு. உம் அதிகாரிக்கு என்ன வயது?” என்றார். முப்பதைத் தாண்டிய அம்மையாருக்கு அச்சொல்லை எழுதினால் பேரப்பிள்ளை எடுத்த கிழவி என்று சொன்னதாக முடியுமாம். குறைந்தால் மட்டுமன்று, மிகுந்தாலும் மரியாதை கெடும் என்பதை அன்றுதான் கண்டோம்.

இறுதியில் அவர் எழுதித் தந்தது ‘செங்இல் சுக்காதுரிம்னிதா’ என்பது. இதில் ‘செய்தல்’ போய் ‘துரி’ வந்திருக்கிறது. கொடுப்பதற்குக் கொரியத்தில் பொதுச்சொல் ‘சுதா’. பெரியவருக்குத் தாழ்ந்து நின்று அளிப்பது ‘துரிதா’. ஆகவே ‘வாழ்த்தைச் சமர்ப்பிக்கிறோம்’ என்று கொள்ளலாம். அவரை உயர்த்தும் சொல் இதில் ஒன்றுமில்லை; கொடுக்கும் நாம் தாழ்கிறோம், அவ்வளவே. நமக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. கேட்பவன் தாழ்ந்தோனாயின் ‘ஈ’ என்பான், ஒப்போனாயின் ‘தா’ என்பான், உயர்ந்தோனாயின் ‘கொடு’ என்பான் என்று சொல்லதிகாரம் வகுக்கிறது. நமக்கு அது கேட்பவனின் நிலையைக் காட்டியது. கொரியர்க்கோ கொடுப்பவனின் பணிவைக் காட்டுகிறது. நாம் ஏட்டில் விட்ட வழக்கொன்றின் உறவுமுறையை அவர்கள் நாவில் வைத்திருக்கிறார்கள்.

‘உங்களுக்கு’ என்ற சொல்லை எங்கே செருகுவது என்று கேட்டோம். “செருகவே வேண்டாம்” என்றார். அகராதி காட்டும் ‘தங்ஷின்’ என்பது கணவன் மனைவிக்குள் வழங்கும். அயலாரிடம் சொன்னால் சண்டைக்கு அழைப்பதாகும். அதற்குப் பதிலாகப் பதவிப் பெயரை விளிக்க வேண்டும். பிரிவுத் தலைவர்க்குப் பெயர் ‘க்வாஜங்’. அதனோடு ‘நிம்’ சேர்த்தால் ‘க்வாஜங்நிம்’. கிம் என்பது குடும்பப் பெயராயின் ‘கிம் க்வாஜங்நிம்’. காரியாலயத்தில் வயதன்று, பதவியே அளவு. ஆதலின் இளையவரேயாயினும் அவர் நமக்கு ‘நிம்’தான்.

இப்பதவி விளிகளைச் சுமையென்று கருதிய கொரியரும் உண்டு. சி.ஜே. என்னும் பெருங்குழுமம் 2000-ஆம் ஆண்டிலேயே பதவிப் பெயர்களைக் களைந்து, தலைவர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோரையும் பெயரோடு ‘நிம்’ சேர்த்தழைக்கச் செய்தது. இறக்கிச் சமமாக்கவில்லை, எல்லோரையும் ஏற்றிச் சமமாக்கினார்கள். இது நம் நெஞ்சில் தைத்ததற்குக் காரணமுண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், நம் தந்தையின் வயதுள்ள ஒரு தொழிலாளியை ‘நீ’ என்று அழைத்தோம். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் பேசிய கோளாறு என்று பிற்காலத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அது முழு உண்மையன்று. முன்னிருந்த கிராணிமார் யாவரும் அப்படியே அழைத்தனர், நமக்கும் அது சுகமாயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. “சரிங்க” என்றார். அந்த ‘ங்க’ இன்றும் காதில் நிற்கிறது.

மூதாட்டி இரண்டாம் வரியும் தந்தார்: ‘ஹெங்போக்கன் ஹாரு போனெஸெயோ.’ இன்பமான நாளாகக் கழியுங்கள் என்பது பொருள். இங்கே ‘ஸெ’ என்ற ஓசைதான் அவரை உயர்த்துவது. முதல் வரியில் நாம் தாழ்ந்தோம், இரண்டாம் வரியில் அவர் உயர்ந்தார். அட்டையின் மரியாதை அதனோடு நிறைந்தது. கூலிக்கு இரண்டு கோப்பைத் தேநீர் வாங்கிக் குடித்தோம். புறப்படுகையில், நம் சட்டைப் பையிலிருந்த சிவப்பு மைப் பேனாவைச் சுட்டி, “அதனால் பெயர் எழுதாதீர், இறந்தோர்க்கு உரியது” என்று எச்சரித்தார். தோட்டத்தில் அம்மை கடன்காரர் பெயருக்கு உரியது என்று சொல்லாமல் வந்தோம்.

அட்டையை இரு கைகளாலும் நீட்டினோம். அம்மையார் படித்தார், ‘துரிம்னிதா’வில் விரலை வைத்து நிறுத்தினார். “யார் சொல்லித் தந்தது?” என்று கேட்டு, எழுந்து நின்று தலை தாழ்த்தி, “கம்ஸாஹம்னிதா” என்றார்.

சென்ற வாரம் அவர் நம்மிடம் வந்து, “உங்கள் பிறந்தநாளுக்குத் தமிழில் எழுத வேண்டும். உங்களிலும் இளையவள் வாழ்த்தலாமா, அல்லது வணங்க வேண்டுமா?” என்று வினவினார். வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் என்று நம்மவர் சொல்லும் வழக்கத்தை எங்கோ கேட்டிருக்கிறார். அவர் நம் அதிகாரி. நாளை மறுநாள் பதில் சொல்வதாகத் தவணை வாங்கியிருக்கிறோம்.