ஏழரை சென்டிமீட்டருக்கு மதிப்பெண் போட்டேன்

விருத்தாசலத்தில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தபோது நான் செய்த தவறு இது. குழியாடியின் குவியத் தொலைவு 20 செ.மீ. ஆடிக்கு முன்னால் 12 செ.மீ. தள்ளி, 2 செ.மீ. உயரப் பொருள். பிம்பம் எங்கே, எவ்வளவு உயரம்? கரும்பலகையில் நானே போட்டு முடித்தேன்: ஆடிக்குப் பின்னால் 7.5 செ.மீ., உயரம் 1.25 செ.மீ.

ஒரு பையன் எழுந்தான். அவன் அம்மா பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைகளைச் சோதித்துப் பிரிக்கிறவர். "சார், ஷேவிங் கண்ணாடிக்குப் பக்கத்துல கட்டைய வெச்சா மயிரிழை விரிசல்கூடப் பெருசாத் தெரியும். உங்க கணக்குல சின்னதா வருதே?" என்றான். "கணக்குல வர்றத எழுது, உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். பரீட்சையில் 7.5 எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டேன்.

பையன் கேட்ட அன்று இரவே தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன். குறியில்தான் பிழை. குழியாடிக்குக் குவியம் முன்பக்கம் இருப்பதால் f-உம் மைனஸ், u-உம் மைனஸ். நான் f-ஐ மட்டும் பிளஸ் ஆக்கியிருந்தேன். குவியாடிக்குத்தான் f பிளஸ். அதனால் விடையும் குவியாடியின் விடையாக, சிறுத்த பிம்பமாக வந்துவிட்டது. சரியாகப் போட்டால்:

1/v = 1/f − 1/u = −1/20 + 1/12 = 1/30

v = +30. அதாவது ஆடிக்குப் பின்னால் 30 செ.மீ. உருப்பெருக்கம் −v/u, அதாவது 30/12 = 2.5. பிம்பத்தின் உயரம் 5 செ.மீ., நேராக நிற்கும். குவியத்துக்கு உள்ளே வைத்த பொருளுக்குக் குழியாடி ஒருபோதும் சிறிய பிம்பம் தராது. விடை சிறுத்தால் குறியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பையன் அதைத்தான் சொன்னான்.

திருத்தியிருக்கலாம். வகுப்பில் மதிப்பு போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அதற்கு மேலும் ஒன்று செய்தேன். மாய பிம்பத்தைத் திரையில் பிடிக்க முடியாது என்பதைச் சாக்காக வைத்து, பிம்பத்தின் இடத்தைக் காணும் சோதனையைச் செய்துகாட்டாமலே பாடத்தை முடித்தேன்.

செய்துகாட்டியிருக்க முடியும். ஆடியின் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்கும் அளவுக்கு உயரமான ஊசி ஒன்றை ஆடிக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். முன்னாலிருந்து, உள்ளே தெரியும் பிம்பத்தையும் மேலே தெரியும் ஊசியையும் சேர்த்துப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் அசைக்க வேண்டும். இரண்டும் விலகினால், தலை போகும் பக்கமே நகர்வதுதான் தூரத்தில் இருப்பது. ஊசியைத் தள்ளித் தள்ளி, இரண்டும் விலகாமல் ஒன்றாகவே நகரும் இடத்தைக் கண்டுபிடித்தால், பிம்பம் இருக்கும் இடம் அதுதான். ஊசி 7.5-இல் நிற்காது, 30-க்குப் பக்கத்தில்தான் நிற்கும் என்பதை அந்தப் பையனே அளந்து சொல்லியிருப்பான்.

குவியத்தை நெருங்க நெருங்க இந்த முறை தடுமாறும். பொருளை 18 செ.மீ.யில் வைத்தால் பிம்பம் 180 செ.மீ. பின்னால் போய்விடும், வைப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே அது பத்து செ.மீ. இடம் மாறும். 12 செ.மீ.யில் அதே பிசகு அரை செ.மீ. சொச்சம்தான். நான் கரும்பலகையில் கொடுத்த கணக்கு, ஊசி வைத்துச் சோதிக்க வசதியான கணக்குதான்.