விசில் வரலன்னா?

குக்கர் வெடிச்சா நியூஸ்ல வரும். சுவர் முழுக்க பருப்பு, நெளிஞ்சு போன மூடி, உடைஞ்ச கண்ணாடின்னு போட்டோ போடுவாங்க. எந்த பாகம் ஏன் வேலை செய்யலன்னு மட்டும் யாரும் எழுத மாட்டாங்க. இந்த செமஸ்டர்ல நாலு நிமிஷ விழிப்புணர்வு வீடியோ ஒண்ணு எடுக்கச் சொன்னப்போ, நானும் என் கிளாஸ்மேட்டும் குக்கரை எடுத்துக்கிட்டதுக்கு காரணம் அதுதான். அவன் கேமரா, நான் ஸ்கிரிப்ட்.

லொகேஷன் எங்க ஊர் வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் இங்கதான் இருக்கு, அதனால மதியச் சாப்பாட்டுக்கு நல்ல கூட்டம். எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டிலேயே சமைச்சு தினமும் சாப்பாடு கட்டிக் கொடுக்கறாங்க. பருப்பு வேகறது ஒரு பத்து லிட்டர் அலுமினிய குக்கர்ல. ஒரு நாளைக்கு மூணு தடவையாவது அது அடுப்பேறும். வீட்டு குக்கர் ஒரு வாரம் படற பாடு அது ஒரே நாள்ல படுது. க்ளோஸ்-அப் எடுக்க இதைவிட நல்ல குக்கர் கிடைக்காது.

ஸ்கிரிப்ட்ல மூணே க்ளோஸ்-அப்: விசில் உட்காரும் குழாய், கேஸ்கட், சேஃப்டி வால்வு. 'வென்ட்'ங்கற வார்த்தையே வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். அக்கா அதை 'விசில் குழாய்'னுதான் சொல்றாங்க, வாய்ஸ்-ஓவர்லயும் அதுவே.

முதல் ஷாட்ல மூடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிக்கணும். குழாய் வழியா வெளிச்சம் ஒரு புள்ளியா தெரிஞ்சா சரி. அக்கா மூடியில தெரிஞ்சது பாதிப் புள்ளிதான். உள்பக்க வாயில பருப்புத் தோல் காய்ஞ்சு மஞ்சளா ஒட்டியிருந்தது. பருப்பு கொதிக்கும்போது நுரை பொங்கும், அந்த நுரைதான் தோலை குழாய்க்குள்ள தூக்கிட்டுப் போகுது. அதனாலதான் பருப்பு, அரிசி மாதிரி பொங்கற ஐட்டத்தை பாதி குக்கருக்கு மேல நிரப்பக் கூடாதுன்னு சொல்றது. ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டா நுரை அடங்கும். இது அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும். பருப்பு சீக்கிரம் வேகும்னுதான் ஊத்தறாங்களாம். காரணம் வேற, பலன் கிடைக்குது.

இந்த இடத்துல ஒரு சின்ன கணக்கு. விசில்னு நாம சொல்றது ஒரு எடைக்கட்டி, அவ்வளவுதான். குழாயோட உள்விட்டம் 3.2 மி.மீ.ன்னு வெச்சுக்கோங்க. அதோட பரப்பு 8 சதுர மி.மீ. வெளிக்காற்றை விட 100 கிலோபாஸ்கல் அதிகமா அழுத்தம் இருந்தா, அந்தப் பரப்பு மேல விழற விசை 0.8 நியூட்டன். அதைத் தாங்க வேண்டிய எடை சுமார் 82 கிராம். அழுத்தம் அதைத் தாண்டினா எடைக்கட்டி எழும்பும், ஆவி வெளியேறும், அதுதான் சத்தம். வீட்டுல எல்லாரும் 'மூணு விசில்'னு டைமர் மாதிரி எண்றோம். ஆனா அது அழுத்தத்தை 100-லயே நிறுத்தி வைக்கற ஆள். அதுக்கு மேல ஸ்பூனோ கரண்டியோ வெச்சு அழுத்தினா 100ங்கற கணக்கே மாறிடும். குழாய் அடைச்சா ஆளே வேலைக்கு வரலன்னு அர்த்தம்.

அந்த 100-லயே உள்ளே தண்ணி 120 டிகிரிக்குப் போயிடும். அக்கா குக்கரோட வாய் 22 செ.மீ. அப்போ மூடி மேல இருக்கற மொத்த விசை கிட்டத்தட்ட 390 கிலோ எடைக்குச் சமம். இதைச் சொன்னதும் அக்கா மூடியை ஒரு தடவை உத்துப் பார்த்தாங்க.

கேஸ்கட் ஷாட் சீக்கிரம் முடிஞ்சது. கழட்டி, ரெண்டா மடிச்சு, மடிச்ச இடத்துல கீறல் தெரியுதான்னு காட்டணும். விறைச்சுப் போயிருந்தாலோ, மூடிக்குள்ள லூஸா சுத்தினாலோ மாத்தணும். கேஸ்கட் போனா விளிம்புல ஆவி கசியும், விசில் லேட்டாகும். உடனே எதுவும் வெடிக்காது. ஆனா விசில் வரட்டும்னு காத்திருந்தா தண்ணி வத்திடும். இன்னொண்ணு, அதே கம்பெனி கேஸ்கட்டையே வாங்கணும். சில மாடல்ல மூடியோட பக்கவாட்டுல ஒரு திறப்பு இருக்கும். அழுத்தம் எல்லை மீறினா கேஸ்கட் அந்த வழியா பிதுங்கி ஆவியை விட்டுடும். தடிப்பான வேற கேஸ்கட் போட்டா அது பிதுங்காம நின்னுடலாம்.

மூணாவது ஷாட்லதான் ஷூட்டிங் நின்னுச்சு.

சேஃப்டி வால்வுங்கறது மூடியில திருகின ஒரு குட்டி நட்டு மாதிரி இருக்கும். நடுவுல குறைந்த சூட்டிலேயே உருகற உலோகக் கலவை. குழாய் அடைச்சு அழுத்தம் ஏறினா ஆவியோட சூடும் சேர்ந்தே ஏறும். 140 டிகிரியில அழுத்தம் 260 கிலோபாஸ்கல், அதாவது வழக்கத்தை விட ரெண்டரை மடங்கு. மூடி கழண்டு பறக்கற நிலைமை வர்றதுக்கு முன்னாடி இந்தக் கலவை உருகி வழி விடணும், அதான் அதோட ஒரே வேலை. என் ஸ்கிரிப்ட்ல இருந்த வரி: "இதன் உள்பக்கத்தில் பருப்பு படிந்திருந்தால் சூடு தெரியாது, உருகாது. தினமும் துடையுங்கள்."

கேமராவை ஜூம் பண்ணவன், "மச்சி, இது ஸ்க்ரூ டா" அப்படின்னான்.

நிஜமாவே ஸ்க்ரூ. வால்வு இருந்த ஓட்டையில ஒரு இரும்பு ஸ்க்ரூ, சுத்தி ஏதோ பசை. அக்கா சாதாரணமா சொன்னாங்க: "அது ஒழுகினே இருந்துது தம்பி. ரிப்பேர்காரர் அடைச்சுக் குடுத்துட்டாரு. அதுலேர்ந்து ஒரு பிரச்சனையும் இல்ல."

அடைபட ஆரம்பிச்ச குழாய். அதுக்குக் காவலா இருக்க வேண்டிய வால்வு இடத்துல இரும்பு. பக்கவாட்டுத் திறப்பும் இல்லாத பழைய மாடல். மூணு தடவை தினமும் அடுப்பேறற குக்கர். நானும் அவனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அன்னிக்கு மதியம் அடுப்புல வேற பாத்திரத்துலதான் பருப்பு வெந்தது. சாப்பாடு முக்கால் மணி நேரம் லேட். அக்காவுக்கு எங்க மேல கொஞ்சம் கோபம்தான்.

இந்தியாவுல 2021 பிப்ரவரியிலிருந்து வீட்டு குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 2347ங்கற தரம் அது. நல்ல விஷயம்தான். ஆனா அந்த முத்திரை கடையிலிருந்து வெளியே வர்ற குக்கருக்கு. நாலு வருஷம் கழிச்சு தெருவுல ஒருத்தர் போடற ஸ்க்ரூவை அது பார்க்காது. அதனால வீடியோவுல ஐ.எஸ்.ஐ. பத்தின பகுதியை பத்து செகண்டா சுருக்கி, ஸ்க்ரூ க்ளோஸ்-அப்புக்கு நாற்பது செகண்ட் கொடுத்தோம். மேலே சிவப்புல கால்-அவுட்: 'வால்வு ஒழுகுதா? அடைக்காதே. மாத்து.'

அடுத்த கால்-அவுட்டுக்குத்தான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. வழக்கமா வர்ற விசில் வரல, ஆவியும் கசியல, அடுப்பு எரியுது. அப்போ என்ன செய்யணும்? நிறைய பேர் கிட்டப் போய் விசிலை கரண்டியால தட்டுவாங்க, தூக்குவாங்க, இல்லன்னா மூடியைத் திருகுவாங்க. மூடி வெளிப்பக்கம் மாட்டற மாடல்ல பலமா திருகினா திறந்துக்கும், ஆபத்தே அதுதான். உள்ளே நாலு லிட்டர் தண்ணி 120 டிகிரியில இருந்தா, திறந்த நொடியில அதுல சுமார் 150 கிராம் ஆவியாகும். அது 250 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு பெரிய ட்ரம்முக்கு மேல ஆவி, கூடவே கொதிக்கற பருப்பு, நேரா முகத்துக்கு. அடைச்ச குழாய்னா சூடு இன்னும் கூடுதலா இருக்கும்.

அவன் இதை அனிமேஷனா காட்டணும்னான். நான் வேணாம்னேன், பயந்தா கை பதறும், மூடியைத்தான் தொடும். கடைசியில ஸ்கிரிப்ட்ல நின்னது இதுதான்: அக்கா கை மட்டும் ஃப்ரேம்ல. பக்கவாட்டுல இருந்து நாப்பைத் திருப்பி அணைக்கறாங்க. ரெண்டு அடி பின்னாடி போறாங்க. 'அணை. தொடாதே. அரை மணி விடு.' தானா ஆறின பிறகுதான் மூடி, அதுக்குப் பிறகுதான் குழாயில ஊசி.

டேக் ஓகே ஆனதும் அக்கா கேட்டாங்க, "அரை மணி விட்டா ஒரு மணிக்கு சாப்பாடு எப்படி தம்பி போகும்?"

எங்க ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல. அவங்களே யோசிச்சு சொன்னாங்க: "பத்து லிட்டர் ஒண்ணுக்குப் பதிலா அஞ்சு லிட்டர் ரெண்டு வாங்கிடறேன். ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு ஓடும்."

அதை ஸ்கிரிப்ட்ல கடைசி வரியா சேர்த்தேன், அவங்க குரல்லயே.