'திருத்தினேன்' என்று எழுதியதால் வந்த வினை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பதினோராம் தரத்தில் படிக்கும் பிள்ளை ஒன்று கடிதமொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. அடையாள அட்டை விண்ணப்பத்தோடு அனுப்பிய கடிதம் அது. இரண்டு சொற்களைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வட்டமிட்டிருந்த சொற்கள், 'ஐ கரெக்டட்'.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரில் ஒரு எழுத்து குறைவு. பாடசாலைப் பதிவில் சரியாக இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதுசில்லை, உங்களில் பல பேர் இதில் அலைந்திருப்பீர்கள். தாய் இரண்டு நாள் கொழுந்துக்குப் போகாமல் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்து அதைச் சரிசெய்து எடுத்திருந்தார். பழைய பிரதியில் ஒரு பெயரும் புதிய பிரதியில் வேறு பெயரும் ஏன் இருக்கிறது என்பதை விளக்கத்தான் அந்தக் கடிதம். பிள்ளை ஆங்கிலத்தில் எழுதியது: "ஐ கரெக்டட் மை நேம் இன் த பர்த் சேட்டிபிகட்."

வாசித்தவருக்கு விளங்கியது, 'பிறப்புச் சான்றிதழில் என் பெயரை நானே திருத்தினேன்' என்று. அரச ஆவணத்தில் கை வைத்தேன் என்று பிள்ளை தானாகவே ஒப்புக்கொண்ட மாதிரி. அவர் கேள்விக்குறி போட்டதில் பிழையே இல்லை.

பிழை யாருடையது என்றால், என்னுடையது. அந்தக் கடிதத்தை அனுப்ப முன்னர் வாசித்து, "சரி மகள், அனுப்புங்க" என்று சொன்னது நான்தான். ஆங்கிலம் படிப்பிக்கிற டீச்சர்.

ஏன் என் கண்ணில் படவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். அன்றைக்கு இரவு உம்மா, "ஃபோன திருத்தினீங்களா மகள்?" என்று கேட்டபோதுதான் விளங்கியது. "ஓ உம்மா, திருத்திட்டேன்" என்றேன். நான் எங்கே திருத்தினேன்? ஹட்டனில் கடையில் கொடுத்தேன், கடைக்காரத் தம்பி திருத்தினார், நான் காசு கொடுத்தேன். ஆனாலும் உம்மாவுக்குக் குழப்பம் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாத மகள் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் பேச்சு இப்படித்தான். முடி வெட்டினேன், சட்டை தைத்தேன், பல்லுப் பிடுங்கினேன், வீடு கட்டினேன். வேலை செய்த கை யாருடையது என்று கேட்பவருக்குத் தெரிந்திருப்பதால் நாங்கள் சொல்வதில்லை. பேச்சில் இது பிழையும் இல்லை. கடிதத்தை வாசிப்பவருக்குத்தான் எங்களைத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது தாளில் இருக்கும் வினைச்சொல் மட்டும்.

தமிழில் இதற்கு வழி இல்லையா என்றால், நல்ல வழி இருக்கிறது. 'திருந்து' என்றால் தானே சரியாவது. 'திருத்து' என்றால் இன்னொன்றைச் சரியாக்குவது. 'திருத்துவி' என்றால் இன்னொருவரைக் கொண்டு சரியாக்குவது. வி, பி என்ற இரண்டு விகுதிகள்தான் இந்த வேலையைச் செய்கின்றன என்று நன்னூல் சொல்கிறது. இரண்டு விகுதி சேர்ந்து வந்தால் ஏவுவதும் இரண்டு படியாகும் என்றும் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன், தான் 'எடுப்பிச்ச' கோயில் என்கிறான். 'எடுத்த' என்றில்லை. கல் சுமந்தது தான் இல்லை என்று ராஜாவே எழுதி வைத்திருக்கிறான். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இன்றைக்கும் 'செய்விச்சன்' என்று பேசுவார்கள். எங்கள் மலையகப் பேச்சில்தான் அந்த 'வி' அவ்வளவாகக் கேட்பதில்லை.

சிங்களத்திலும் இந்த வேறுபாடு உண்டு. 'கபனவா' என்றால் வெட்டுவது, 'கப்பனவா' என்றால் வெட்டுவிப்பது. ஒரு எழுத்து அழுத்தம்தான் வித்தியாசம்.

ஆங்கிலத்தில் விகுதி இல்லை, சொல் நிற்கும் இடம்தான் வேலை செய்கிறது. பிள்ளைகள் வழுக்கி விழுவது இங்கேதான். 'ஐ ஹேட் மை ஃபோன் ரிபெயார்ட்' என்றால் கடையில் கொடுத்துத் திருத்தினேன். 'ஐ ஹேட் ரிபெயார்ட் மை ஃபோன்' என்றால் அதற்கு முன்னரே நானே திருத்தி முடித்திருந்தேன். இரண்டிலும் அதே சொற்கள்தான். பொருளின் பெயர் 'ஹேட்' என்ற சொல்லுக்கு அடுத்ததாக, வினைக்கு முன்னால் வரவேண்டும். ஃபோன் பின்னால் போய்விட்டால் வேலை திரும்பவும் எங்கள் கைக்கு வந்துவிடும். 'ஹேட்' இருக்கும் இடத்தில் 'கொட்' போட்டாலும் இதே ஒழுங்குதான். அது கொஞ்சம் பேச்சு வழக்கு, அவ்வளவுதான். அலுவலகக் கடிதத்துக்கு 'ஹேட்' பொருத்தம்.

இன்னொரு வழுக்கலும் இருக்கிறது. 'இன்னொருவரைக் கொண்டு' என்றதும் பிள்ளைகள் 'வைத்தேன்' போட்டுவிடுவார்கள். "அதிபரைக் கையெழுத்துப் போட வைத்தேன்" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. அதிபர் மாட்டேன் என்று நின்றார், இது விடவில்லை என்பது போல இருக்கிறது. ஆங்கிலத்தில் 'மேட்' போட்டாலும் அதே வில்லங்கம். "அதிபரிடம் கையெழுத்துப் பெற்றேன்" என்றால் போதும்.

'வி' எல்லா இடத்திலும் ஒட்டாது என்பதையும் சொல்லவேண்டும். "படிவத்தைச் சரிபார்ப்பித்தேன்" என்பது இலக்கணப்படி சரி, ஆனால் இன்றைக்கு யார் எழுதுகிறார்கள்? "படிவத்தை ஆசிரியரிடம் கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன்" என்று எழுதலாம். 'கொண்டேன்' மட்டும் போதாது. அது வேலை எனக்காக நடந்தது என்று சொல்லும், யார் செய்தார் என்று சொல்லாது. ஆளின் பெயரோ பதவியோ வாக்கியத்துக்குள் வந்தால்தான் சந்தேகம் தீரும்.

இப்போது வகுப்பில் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். வினைச்சொல்லுக்கு முன்னால் 'என் கையால்' என்று சேர்த்து வாசித்துப் பாருங்கள். "என் கையால் விண்ணப்பத்தை நிரப்பினேன்", உண்மை என்றால் அப்படியே விடுங்கள். "என் கையால் பிறப்புச் சான்றிதழைத் திருத்தினேன்", பொய் என்றால் வினையை மாற்றுங்கள்.

அந்தப் பிள்ளையின் கடிதத்தை நாங்கள் இரண்டு பேரும் இருந்து திரும்ப எழுதினோம். "மை மதர் ஹேட் மை நேம் கரெக்டட் அட் த ரெஜிஸ்ட்ரார்ஸ் ஆபிஸ்." அதையே தமிழில், "எனது பெயரில் இருந்த பிழையை என் தாயார் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் திருத்துவித்து, புதிய பிரதியைப் பெற்றுள்ளார்." யார் போனார், எங்கே போனார், திருத்திய கை எங்கே இருக்கிறது, எல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டது. இந்த முறை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அதைக் கொடுப்பதற்குத் தாய் இன்னொரு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த நாள் பேர் போனது என்னால். "பரவாயில்ல டீச்சர்" என்றுதான் சொன்னார். எனக்குப் பரவாயில்லை என்று இல்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ கடிதம் எழுதிக் கொடுக்கும் தம்பி தங்கைமார், அனுப்ப முன்னர் ஒருதரம் 'என் கையால்' சேர்த்து வாசித்துப் பாருங்கள். என்னிடம் கொண்டுவந்தாலும் பார்த்துத் தருவேன். இந்த முறை உண்மையிலேயே பார்ப்பேன்.