பதினெட்டுச் சொற்கள் பிழை

போன வாரம் தரம் 11 பிள்ளைகளுக்குக் கொடுத்த விஞ்ஞானச் சொற்பட்டியல் வீட்டில் இருந்தால், அதைப் படிக்க விடாதீர்கள். பிழை எங்களுடையது. எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதே வேலையைச் செய்கிற ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

வட்ஸ்அப்பில் வந்த குறிப்பு ஒரே பந்தியாக இருந்தது. 28 சொற்கள். சொல், நடுவில் ஒரு சிறு கோடு, பிறகு விளக்கம், அரைப்புள்ளி, அடுத்த சொல். அதை இரண்டு நிரல் அட்டவணையாக்க வேர்டில் Ctrl+H அழுத்தி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் `^p` ஆக மாற்றினோம். அப்போது ஒவ்வொரு சொல்லும் தனி வரிக்கு வரும். பிறகு இருபுறமும் இடைவெளியுள்ள கோட்டை `^t` ஆக மாற்றி, Convert Text to Table கொடுத்தோம். ஐந்து நிமிட வேலை.

ஆனால் ஒன்பதாவது சொல்லான ‘பரவல்’ என்பதன் விளக்கத்துக்கு உள்ளேயே ஓர் அரைப்புள்ளி இருந்திருக்கிறது. அதனால் ‘இதற்கு மென்சவ்வு தேவையில்லை’ என்ற மிச்ச வசனம் உடைந்து, ஒரு புதிய சொல்லைப் போல இடது பக்கத்தில் வந்து நின்றது. அதை வெட்டி மேலே ஒட்டினோம். அதுவரை சரி. மிஞ்சிய வெற்றுக் கட்டத்தை அழிக்கும்போது Delete entire row என்பதைத் தெரியாமல், Shift cells up என்பதைத் தெரிந்துவிட்டோம். இடது பக்கச் சொற்கள் மட்டும் ஒரு படி மேலேறின, விளக்கங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

பிரசாரணத்துக்கு நேரே வெறுமையாக இருந்ததைப் பார்த்து, விளக்கம் விடுபட்டிருக்கிறது என்று நினைத்துப் பாடநூலைப் பார்த்து நாங்களே எழுதிவிட்டோம்! அதற்குப் பிறகு வந்த 18 சொற்களுக்கும் முந்தைய சொல்லின் விளக்கம். கடைசி வரியில் சொல்லே இல்லாமல் ஒரு விளக்கம் தனியாகக் கிடந்தது. போட்டோ கொப்பியில் வெட்டுப்பட்டிருக்கும் என்று அதையும் விட்டுவிட்டோம். எழுத்துப் பிழை பார்த்தோமே தவிர, சொல்லையும் விளக்கத்தையும் சேர்த்து ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

கண்டுபிடித்தது ஒரு மாணவி. “டீச்சர், பிரசாரணத்துக்கும் ஆவியுயிர்ப்புக்கும் ஒரே விளக்கமா?” என்று கேட்டாள். மற்றவர்கள் அதற்குள் பாடமாக்கியிருந்தார்கள்.

இந்த முறை முதலில் பந்தியைக் கையால் எண்ணினோம். விளக்கங்களுக்குள் இருந்த அரைப்புள்ளிகளை முழுப்புள்ளியாக மாற்றிவிட்டுத்தான் வரி பிரித்தோம். 28 சொல் என்றால் 28 வரி. ஒன்று கூடினாலும் அட்டவணைக்குள் ஒட்டுப்போடாமல் Ctrl+Z கொடுத்துப் பந்திக்கே திரும்ப வேண்டும். மாற்றும் பெட்டியில் Number of columns என்பது 2 ஆக இல்லாவிட்டால், ஏதோ ஒரு விளக்கத்துக்குள்ளும் கோடு இருக்கிறது. கடைசியாக முதல் வரி, நடு வரி, இறுதி வரி மூன்றையும் பாடநூலோடு ஒப்பிட்டோம். விளக்கங்கள் இடம் மாறியிருந்தால் இறுதி வரியே காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்திய தாள் நாளைக் காலை வகுப்பில் தரப்படும். பழையதைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள், எண்ணி வாங்குவோம்.