நான்கு மணி நேரம் யார் கணக்கில்?

அடக்கவிலைக் கணக்கியல் தேர்வுக்காக நாகர்கோவிலில் ஒன்றாக அமர்ந்து படித்தவர்கள் நாங்கள். எங்களில் பலரது வீட்டில் அம்மாவோ சித்தியோ அண்டியாபீசுக்குப் போய்வந்தவர்கள். முந்திரி ஆலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஆகவே வினாத்தாளில் 'தொழிலாளி' என்ற சொல்லைக் கண்டதும் ஒரு முகம் வந்துவிடும்.

வழக்கமான கணக்கு ஒன்றைப் பார்ப்போம். மணிக்கு ரூ. 60 கூலி. வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் இரட்டைக் கூலி. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு வகுத்த இரட்டைதான் அது. ஒருவர் 56 மணி இருந்தார். கருவி சரிசெய்ய 2 மணி போயிற்று. மின்தடையால் 4 மணி சும்மா இருந்தார். அவர் கைக்கு வருவது ரூ. 3,840.

உழைத்த 50 மணிக்குரிய ரூ. 3,000 நேரடிக் கூலி. கருவிக்கான ரூ. 120 எந்த ஆலையிலும் தவிர்க்க முடியாதது, மேற்செலவில் சேரும். மின்தடையின் ரூ. 240 பொருளின் அடக்கத்தில் ஏறக்கூடாது. நேரே அடக்க லாபநட்டக் கணக்குக்குப் போகும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்த நாட்களை நினைத்தால் இந்த விதியின் நியாயம் புரியும். புயலின் விலையைப் பருப்பின் விலையில் ஏற்றிவிட்டால், ஆலை நன்றாக நடந்ததா என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

மிச்சம் ரூ. 480. மிகைநேரத்தின் 8 மணிக்குக் கொடுத்த ரூ. 960 முழுவதையும் மிகை ஊதியம் என்று எழுதிவிடுவோர் உண்டு. அதில் பாதி சாதாரணக் கூலி. மேலே கொடுத்த பாதிதான் மிகை. அது எங்கே போகும் என்பதை வினாவில் ஒளிந்திருக்கும் ஒரு சொற்றொடர் முடிவு செய்யும். வாடிக்கையாளர் அவசரப்பட்டார் என்றால் அவருடைய வேலையின் மேல் ஏறும். ஆலையில் பொதுவாகவே வேலை நெருக்கடி என்றால் மேற்செலவு. மின்தடையை ஈடுகட்ட என்றால் அந்த ரூ. 240-ஐப் பின்தொடர்ந்து லாபநட்டக் கணக்குக்கே போகும். எங்கே போட்டாலும் கூட்டுத்தொகை 3,840 என்று பொருந்திவிடும் என்பதுதான் தொல்லை. கூட்டிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை. காரணத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

ஆனால் இது நேரக்கூலிக்கு உரிய கணக்கு. அண்டி தல்லுகிறவருக்கும் தோல் உரிக்கிறவருக்கும் எடைக்குத்தான் கூலி. சரக்கு வரும்வரை அவர் காத்திருந்த நான்கு மணி நேரத்துக்கு ஏட்டில் பத்தியே இல்லை. வீண்நேரச் செலவு பூஜ்யம் என்று ஏடு காட்டும்; அந்தச் செலவு அவர் வீட்டுக்குப் போயிருக்கும்.

தொழிலாளர் சுழற்சி விகிதத்திலும் இதே மயக்கம். சராசரி 200 பேர் உள்ள ஆலை, அண்டி தீர்ந்ததும் 40 பேரின் பெயரை நீக்கி, அடுத்த சரக்கு வந்ததும் அதே 40 பேரைச் சேர்த்தால் வெளியேறியோர் முறைப்படி விகிதம் 20 விழுக்காடு. ஒரு முகமும் மாறியிருக்காது. காரணம் கேட்கும் வினாவுக்குப் பாடநூல் குறைந்த கூலி, நெடுந்தொலைவு, திருமணம் என்று அடுக்கும். அண்டி வரவில்லை என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்று எங்களுக்குள் நெடுநேரம் வாதிட்டிருக்கிறோம்.